கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் கணக்குகள்: சிறிய அட்டவணையிலிருந்து பிரிசிஷனும் ரீகாலும் கண்டுபிடிக்கும் வரிசை

2024 முதல் கேட் தேர்வில் டேட்டா சயின்ஸுக்கென்று DA என்ற தனித் தாள் இருக்கிறது. அதிலும் சரி, கல்லூரி செமஸ்டர் தாள்களிலும் சரி, பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட அட்டவணையைக் கொடுத்து பிரிசிஷன், ரீகால் கேட்பது வழக்கமான கேள்வி வகை. கணக்கு என்று பார்த்தால் கூட்டலும் ஒரு வகுத்தலும்தான். மதிப்பெண் போவது வகுத்தலில் இல்லை. எதை பாசிட்டிவ் என்று எடுப்பது, அட்டவணையின் எந்தப் பக்கம் உண்மை, எந்தப் பக்கம் கணிப்பு என்ற இரண்டு முடிவுகளில்தான் போகிறது. அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிச் சூத்திரத்துக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள்.

எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நெல் இலையின் படத்தைப் பார்த்து, குலை நோய் உண்டா இல்லையா என்று ஒரு மாடல் சொல்கிறது. ஒவ்வொரு இலைக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு தருகிறது. மதிப்பு 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கணிப்பு "உண்டு".

| இலை | உண்மை | மதிப்பு |
|---|---|---|
| 1 | உண்டு | 0.92 |
| 2 | இல்லை | 0.81 |
| 3 | உண்டு | 0.77 |
| 4 | இல்லை | 0.12 |
| 5 | உண்டு | 0.66 |
| 6 | இல்லை | 0.58 |
| 7 | உண்டு | 0.43 |
| 8 | இல்லை | 0.35 |
| 9 | இல்லை | 0.30 |
| 10 | உண்டு | 0.50 |
| 11 | இல்லை | 0.08 |
| 12 | இல்லை | 0.22 |

## 1. நான்கு பெயர்களையும் வாசிக்கும் முறை

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியது நான்கு பெயர்கள் மட்டுமே: TP, FP, FN, TN. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட வலமிருந்து இடமாக வாசிக்கப் பழகுங்கள். இரண்டாவது எழுத்து, மாடல் என்ன சொன்னது என்பது: P என்றால் பாசிட்டிவ், N என்றால் நெகட்டிவ். முதல் எழுத்து, சொன்னது சரியா தவறா என்பது: T என்றால் சரி, F என்றால் தவறு.

FN என்றால் மாடல் "நெகட்டிவ்" என்றது, அது தவறு. அப்படியானால் அந்த இலை உண்மையில் பாசிட்டிவ். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெயரில் நெகட்டிவ் என்று இருப்பதால் FN-ஐ உண்மையான நெகட்டிவ்களோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் ரீகாலின் வகுஎண்ணே மாறிவிடும்.

சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
Precision = TP / (TP + FP)
Recall    = TP / (TP + FN)
Accuracy  = (TP + TN) / மொத்தம்
F1        = 2·TP / (2·TP + FP + FN)
```

பிரிசிஷனுக்கும் ரீகாலுக்கும் மேலே இருப்பது ஒரே TP. கீழே இருப்பதுதான் வேறு. மாடல் "உண்டு" என்று சொன்ன எல்லா இலைகளாலும் வகுத்தால் பிரிசிஷன். உண்மையில் நோய் உள்ள எல்லா இலைகளாலும் வகுத்தால் ரீகால். "சொன்னதில் எத்தனை சரி, இருந்ததில் எத்தனை சிக்கியது" என்று நினைவில் வைத்துக்கொண்டால் சூத்திரம் மறந்தாலும் கணக்கு வரும். இந்த இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்ப்பது F1.

ரீகாலையே சென்சிடிவிட்டி என்றும் ட்ரூ பாசிட்டிவ் ரேட் என்றும் கேட்பார்கள். ஸ்பெசிஃபிசிட்டி என்று கேட்டால் அது நெகட்டிவ் பக்கத்தின் ரீகால், அதாவது TN / (TN + FP).

## 2. பாசிட்டிவ் எது என்று முதல் வரியில் எழுதுங்கள்

விடைத்தாளிலோ ரஃப் தாளிலோ முதல் வரி இதுவாக இருக்கட்டும்: "பாசிட்டிவ் = குலை நோய் உண்டு". மூன்று விநாடி வேலைதான். இதை எழுதாமல் எண்ணத் தொடங்கினால், நடுவில் எண்ணம் மாறினாலும் தெரியாது.

பாசிட்டிவ் என்பது நல்லது என்று பொருளல்ல. எதைத் தேடுகிறோமோ அதுவே பாசிட்டிவ். நோயைத் தேடும் கணக்கில் நோய்தான் பாசிட்டிவ். கேள்வி அமைப்பவர்கள் இதைத் தெரிந்தே, "ஆரோக்கியமான இலைகளை பாசிட்டிவாகக் கொள்க" என்று கடைசி வாக்கியத்தில் மாற்றி வைப்பதும் உண்டு. ஆகவே கேள்வியைக் கடைசி வரி வரை படித்த பிறகே இந்த வரியை எழுதுங்கள்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஐந்தாம் படியில் எண்ணோடு பார்ப்போம்.

## 3. ஒவ்வொரு வரிக்கும் பெயரிடுங்கள், பிறகு எண்ணுங்கள்

முதலில் கணிப்பு நெடுவரிசையை நிரப்புங்கள். வரம்பு 0.5, "அல்லது அதற்கு மேல்". எனவே 1, 2, 3, 5, 6, 10 ஆகிய ஆறு இலைகளுக்குக் கணிப்பு "உண்டு". மீதி ஆறுக்கு "இல்லை".

அடுத்து ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் நான்கில் ஒரு பெயரை எழுதுங்கள். 1, 3, 5, 10 இவை TP. 2, 6 இவை FP. 7 மட்டும் FN. 4, 8, 9, 11, 12 இவை TN.

அட்டவணையை நான்கு முறை மேலிருந்து கீழாக ஓடி, முதலில் TP-களை எண்ணி, பிறகு FP-களை எண்ணி என்று போகாதீர்கள். ஒரு வரியை இருமுறை எண்ணுவதும் ஒன்றை விடுவதும் அந்த முறையில் எளிதாக நடக்கும். வரிக்கு ஒரு பெயர் என்று எழுதிவிட்டால் எந்த வரியும் தப்பாது.

பத்தாம் இலையைக் கவனியுங்கள். அதன் மதிப்பு சரியாக 0.50. "0.5-ஐ விட அதிகம்" என்று கேள்வியில் இருந்திருந்தால் அந்த ஒரு இலை TP-யிலிருந்து FN-க்குப் போயிருக்கும். அப்போது TP 3, FP 2, FN 2. பிரிசிஷன் 3/5, ரீகால் 3/5, இரண்டுமே 0.60. அந்த இரண்டு சொற்களுக்காக ரீகால் 0.80-லிருந்து 0.60-க்கு இறங்குகிறது. சிறிய அட்டவணையில் ஒரு வரி இடம் மாறினாலே விடை இவ்வளவு நகரும். அதனால்தான் கேள்வித்தாளில் வரம்போடு சமமாக ஒரு மதிப்பைக் கண்டால் "≥" என்றிருக்கிறதா ">" என்றிருக்கிறதா என்று அடிக்கோடிட வேண்டும்.

## 4. கட்டத்தை வரைந்து ஓர மொத்தங்களைப் போடுங்கள்

நான்கு எண்களையும் கட்டத்தில் வையுங்கள். இந்தக் கட்டம்தான் கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்.

| | கணிப்பு: உண்டு | கணிப்பு: இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| உண்மை: உண்டு | 4 | 1 | 5 |
| உண்மை: இல்லை | 2 | 5 | 7 |
| மொத்தம் | 6 | 6 | 12 |

ஓர மொத்தம் போடுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சரிபார்ப்பு. மூல அட்டவணையில் உண்மை நெடுவரிசையை மட்டும் பார்த்து "உண்டு" எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். ஐந்து வர வேண்டும். கட்டத்தின் முதல் வரிசை மொத்தம் ஐந்தாக இல்லையென்றால் எங்கோ ஒரு வரிக்குத் தவறான பெயர் போயிருக்கிறது.

இரண்டாவது காரணம், தேவையான வகுஎண்கள் அந்த ஓரத்திலேயே இருக்கின்றன. ரீகாலுக்கு வரிசை மொத்தம் 5. பிரிசிஷனுக்கு நெடுவரிசை மொத்தம் 6. சூத்திரத்தைத் தேட வேண்டியதில்லை.

## 5. பின்னமாக எழுதி, கடைசியில் மட்டும் தசமமாக்குங்கள்

பிரிசிஷன் 4/6, அதாவது 0.667. ரீகால் 4/5, அதாவது 0.80. அக்யூரசி 9/12, அதாவது 0.75.

F1-ஐ பிரிசிஷன், ரீகால் இரண்டின் தசமங்களை வைத்துக் கணக்கிடாமல் எண்ணிக்கைகளிலிருந்தே கணக்கிடுங்கள்: 8 / (8 + 2 + 1) = 8/11 = 0.727. 4/6-ஐ முதலிலேயே 0.67 என்று முழுமையாக்கிவிட்டு 2 × 0.67 × 0.80 / 1.47 என்று போனால் 0.729 வருகிறது. இரண்டு தசம இடம் கேட்டால் இரண்டுமே 0.73 என்று தப்பித்துவிடும். மூன்று இடம் கேட்டால் தவறு. கேட் தாளில் எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு எத்தனை தசம இடம் என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த இடத்துக்கு வரும்வரை பின்னமாகவே வைத்திருப்பது பாதுகாப்பு.

இப்போது பாசிட்டிவை மாற்றிப் பார்ப்போம். "நோய் இல்லை" என்பதை பாசிட்டிவாக எடுத்தால், பழைய TN 5 இப்போது TP. பழைய FN 1 இப்போது FP. பழைய FP 2 இப்போது FN. பிரிசிஷன் 5/6 = 0.833, ரீகால் 5/7 = 0.714. எல்லாமே மாறிவிட்டன. அக்யூரசி மட்டும் 0.75-லேயே நிற்கிறது. ஆகவே அக்யூரசி சரியாக வந்துவிட்டது என்பதை வைத்து, பாசிட்டிவைச் சரியாக எடுத்தோம் என்று முடிவு செய்ய முடியாது.

## 6. மேட்ரிக்ஸைத் தயாராகக் கொடுத்தால் திசையைப் பாருங்கள்

பல கேள்விகளில் பட்டியல் இருக்காது. நான்கு எண்கள் கொண்ட கட்டம் மட்டும் இருக்கும். இங்கே எண்ணும் வேலை இல்லை, ஆனால் ஆபத்து கூடுதல். வரிசைகளில் உண்மையும் நெடுவரிசைகளில் கணிப்பும் வைக்கும் பழக்கம் ஒன்று. அதற்கு நேர் எதிராக வைக்கும் பழக்கம் மற்றொன்று. பாடநூல்களில் இரண்டும் உண்டு. எனவே நீங்கள் படித்த புத்தகத்தின் வழக்கத்தை நம்பாமல், கேள்வியில் உள்ள தலைப்பை வாசித்து, நான்கு கட்டங்களிலும் TP, FP, FN, TN என்று பென்சிலால் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

திசையை மாற்றிப் படித்தால் FP-யும் FN-உம் இடம் மாறும். அதாவது பிரிசிஷனும் ரீகாலும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். நம் கணக்கில் பிரிசிஷன் 0.80, ரீகால் 0.667 என்று வந்துவிடும். அக்யூரசியும் F1-உம் மாறாது, ஏனென்றால் அவற்றின் சூத்திரத்தில் FP-யும் FN-உம் ஒரே இடத்தில் சமமாக நிற்கின்றன. இதில் ஒரு வசதி இருக்கிறது: F1 அல்லது அக்யூரசி மட்டுமே கேட்டிருந்தால் திசை பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு கண்ணியும் இருக்கிறது: நான்கு விருப்பங்கள் உள்ள கேள்வியில், இடம் மாறிய விடையும் ஒரு விருப்பமாகக் காத்திருக்கும். "நம் விடை விருப்பங்களில் இருக்கிறது" என்பது எந்தச் சான்றும் ஆகாது.

பைத்தான் வெளியீட்டைக் காட்டிக் கேட்கும் கேள்விகளில் இன்னொரு சிக்கல் வருகிறது. நம் பன்னிரண்டு இலைகளையே ஓட்டிப் பாருங்கள்.

```python
from sklearn.metrics import confusion_matrix
y_true = [1,0,1,0,1,0,1,0,0,1,0,0]
y_pred = [1,1,1,0,1,1,0,0,0,1,0,0]
print(confusion_matrix(y_true, y_pred))
# [[5 2]
#  [1 4]]
```

scikit-learn என்ற இந்த நூலகம் வரிசைகளில் உண்மையை வைக்கிறது. லேபிள்களை ஏறுவரிசையில் அடுக்குவதால் 0 முதலில் வருகிறது. ஆகவே இடது மேல் மூலையில் இருப்பது TN, வலது கீழ் மூலையில் இருப்பது TP. இடது மேல் மூலை எப்போதும் TP என்று பழகியவர்கள் 5-ஐ TP என்று எடுத்து, ஐந்தாம் படியில் பார்த்த 0.833, 0.714 என்ற விடைகளில் போய் நிற்பார்கள்.

லேபிள்கள் எழுத்துகளாக இருந்தால் அடுக்கு அகர வரிசையில் அமையும். `blast`, `healthy` என்று பெயர் வைத்திருந்தால் `blast` முன்னால் வரும். அப்போது இடது மேல் மூலையில் TP-தான் இருக்கும். மாடல் ஒன்று, இலைகளும் அவையே, கட்டம் மட்டும் திரும்பிவிட்டது. எனவே மூலையை நினைவில் வைப்பதைவிட லேபிள் வரிசையைப் பார்ப்பதே வழி.

## 7. வரம்பு மாறும் கேள்வி: மதிப்பை இறங்குவரிசையில் அடுக்குங்கள்

"வரம்பை 0.5-லிருந்து 0.7 ஆக்கினால் பிரிசிஷன் என்ன ஆகும்?" என்ற வகைக் கேள்விக்கு, ஒவ்வொரு வரம்புக்கும் முழு அட்டவணையையும் மீண்டும் எண்ணுவது வீண் வேலை. மதிப்புகளை ஒருமுறை பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, பக்கத்தில் உண்மையை எழுதுங்கள்.

| மதிப்பு | உண்மை | இதுவரை TP | இதுவரை FP |
|---|---|---|---|
| 0.92 | உண்டு | 1 | 0 |
| 0.81 | இல்லை | 1 | 1 |
| 0.77 | உண்டு | 2 | 1 |
| 0.66 | உண்டு | 3 | 1 |
| 0.58 | இல்லை | 3 | 2 |
| 0.50 | உண்டு | 4 | 2 |
| 0.43 | உண்டு | 5 | 2 |

இதற்குக் கீழே இருப்பவை எல்லாம் நோயில்லாத இலைகள், எனவே எழுதவில்லை. வரம்பை எட்டிய கடைசி மதிப்புக்குக் கீழே ஒரு கோடு போடுவது போல நினைத்து, கோட்டுக்கு மேல் உள்ள கடைசி வரியின் TP, FP-ஐ எடுத்துக்கொள்ளலாம். நோயுள்ள இலைகள் எப்போதும் 5, ஆகவே ரீகாலின் வகுஎண் மாறவே மாறாது.

வரம்பு 0.4: பிரிசிஷன் 5/7 = 0.714, ரீகால் 1. வரம்பு 0.5: 0.667, 0.80. வரம்பு 0.6: 3/4 = 0.75, 0.60. வரம்பு 0.7: 2/3 = 0.667, 0.40. வரம்பு 0.8: 1/2 = 0.50, 0.20. வரம்பு 0.9: 1/1 = 1, 0.20.

இந்த ஆறு வரிகளை நிதானமாகப் பாருங்கள். "வரம்பை ஏற்றினால் பிரிசிஷன் ஏறும், ரீகால் இறங்கும்" என்று மனப்பாடம் செய்திருப்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. ரீகால் ஏறவே இல்லை: இறங்குகிறது அல்லது அப்படியே நிற்கிறது. வரம்பு உயர்ந்தால் புதிதாக ஒரு TP சேர வழியே இல்லை, வகுஎண்ணும் மாறாது என்பதால் இது எப்போதும் உண்மை. பிரிசிஷனுக்கு அந்த உறுதி கிடையாது. 0.6-இல் 0.75 ஆக ஏறி, 0.8-இல் 0.50-க்கு இறங்கி, பிறகு 1-க்குத் தாவுகிறது. வரம்பு உயரும்போது வெளியேறும் இலை FP என்றால், TP ஒன்றாவது எஞ்சியிருக்கும் வரை பிரிசிஷன் கூடும். TP என்றால், ஏற்கெனவே 1-இல் இல்லாத பிரிசிஷன் குறையும். சரியான கூற்றுகள் அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் "பிரிசிஷன் எப்போதும் கூடும்" என்ற வாக்கியம் வந்தால், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

## 8. தலைகீழ் கேள்வி: எது தெரிந்த மொத்தமோ அங்கிருந்து தொடங்குங்கள்

இப்போது கட்டம் இல்லை. விகிதங்கள்தான் இருக்கின்றன. "200 இலைகளில் 40-க்கு நோய் உண்டு. ரீகால் 0.75, பிரிசிஷன் 0.60. அக்யூரசி என்ன?"

பிரிசிஷனிலிருந்து தொடங்கினால் நகர முடியாது, ஏனென்றால் மாடல் எத்தனை இலைகளை "உண்டு" என்றது என்பது இன்னும் தெரியாது. நோயுள்ளவை 40 என்று தெரியும். அதுதான் ரீகாலின் வகுஎண். எனவே ரீகால் முதலில்.

TP = 0.75 × 40 = 30. அதிலிருந்து FN = 10. இனி பிரிசிஷன் உதவும்: "உண்டு" என்றவை மொத்தம் 30 / 0.60 = 50. அதனால் FP = 20. மீதமுள்ளது TN: 200 − 30 − 10 − 20 = 140. அக்யூரசி 170/200 = 0.85.

நான்கும் முழு எண்களாக வந்தனவா என்று பாருங்கள். கொடுத்த விகிதங்கள் முழுமையாக்கப்படாதவை என்றால், TP 29.6 என்பது போல வந்தாலே ஏதோ ஒரு விகிதத்தைத் தவறான மொத்தத்தோடு பெருக்கிவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும். அங்கேயே நின்று திரும்பிப் பாருங்கள்.

F1-உம் பிரிசிஷனும் கொடுத்து ரீகால் கேட்டால், நீண்ட சமன்பாட்டுக்குப் போக வேண்டாம். F1 என்பது இசைச்சராசரி என்பதால் தலைகீழிகள் நேராகக் கூடும்: 1/R = 2/F1 − 1/P. மேலே உள்ள கணக்கில் F1 = 60/90 = 2/3, P = 3/5. ஆக 1/R = 3 − 5/3 = 4/3. R = 0.75.

இந்த வகையில் ஆழமான கேள்வி, நோயின் பரவல், அதாவது மொத்த இலைகளில் நோயுள்ளவற்றின் பங்கு, மாறும்போது என்ன ஆகும் என்பது. மேலே உள்ள மாடலின் ஸ்பெசிஃபிசிட்டி 140/160 = 0.875. அதே மாடலை நோய் அரிதாக உள்ள வயலுக்குக் கொண்டுபோகிறோம்: 2000 இலைகளில் 40-க்குத்தான் நோய். ரீகாலும் ஸ்பெசிஃபிசிட்டியும் மாறவில்லை என்று கொள்வோம். TP அதே 30. ஆனால் நோயில்லாத இலைகள் 1960, அவற்றில் எட்டில் ஒன்று தவறாக "உண்டு" ஆகிறது: FP = 245. பிரிசிஷன் 30/275 = 0.109.

0.60 இருந்த பிரிசிஷன் 0.11-க்கு விழுந்தது, மாடலில் ஒரு மாற்றமும் இல்லாமல். காரணம் கட்டத்திலேயே தெரிகிறது. ரீகால் ஒரே வரிசைக்குள் அடங்கிய கணக்கு, ஸ்பெசிஃபிசிட்டியும் அப்படியே. பிரிசிஷன் மட்டும் இரண்டு வரிசைகளையும் கலந்து எடுக்கும் நெடுவரிசைக் கணக்கு. நோயில்லாத வரிசை பெருத்தால் FP பெருக்கும், பிரிசிஷன் சுருங்கும். "ரீகால் 0.75, ஸ்பெசிஃபிசிட்டி 0.875, பிரிசிஷன் என்ன?" என்று மட்டும் கேட்டு, பரவலைச் சொல்லாமல் விட்ட கேள்விக்கு விடை கண்டுபிடிக்க முடியாது. போதிய தகவல் இல்லை என்ற விருப்பம் இருந்தால் அதுவே சரி.

## 9. மூன்று வகைகள் இருந்தால்: ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டம்

குலை நோய், பாக்டீரியா இலைக்கருகல், ஆரோக்கியம் என்று மூன்று வகைகள். வரிசைகள் உண்மை, நெடுவரிசைகள் கணிப்பு.

| | குலை | கருகல் | ஆரோக்கியம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| குலை | 8 | 1 | 1 | 10 |
| கருகல் | 3 | 5 | 2 | 10 |
| ஆரோக்கியம் | 1 | 4 | 25 | 30 |
| மொத்தம் | 12 | 10 | 28 | 50 |

ஒரு வகையை எடுத்து அதை பாசிட்டிவ் என்றும், மற்ற இரண்டையும் சேர்த்து நெகட்டிவ் என்றும் பாருங்கள். குலை நோய்க்கு TP 8. அதன் நெடுவரிசையில் மீதி FP: 3 + 1 = 4. அதன் வரிசையில் மீதி FN: 1 + 1 = 2. TN என்பது அந்த வரிசையையும் நெடுவரிசையையும் அடித்துவிட்டு மிஞ்சும் எல்லாமே: 5 + 2 + 4 + 25 = 36.

TN-இல்தான் பலர் சறுக்குகிறார்கள். மூலைவிட்டத்தில் உள்ள 5-ஐயும் 25-ஐயும் மட்டும் கூட்டி 30 என்று எழுதுவார்கள். கருகல் இலையை ஆரோக்கியம் என்று சொன்னது தவறுதான், ஆனால் குலை நோயைப் பொறுத்தவரை இரண்டும் "குலை இல்லை" என்பதால் அது சரியான நெகட்டிவ். 50 − 8 − 4 − 2 என்று கழித்து எடுத்தால் இந்தத் தவறே வராது.

பிரிசிஷன்: 8/12, 5/10, 25/28. ரீகால்: 8/10, 5/10, 25/30. மேக்ரோ சராசரி என்றால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. மேக்ரோ பிரிசிஷன் 0.687, மேக்ரோ ரீகால் 0.711. 30 இலைகள் உள்ள வகைக்கும் 10 இலைகள் உள்ள வகைக்கும் சராசரியில் ஒரே எடை.

மைக்ரோ என்றால் முதலில் எண்ணிக்கைகளைக் கூட்டி, பிறகு ஒருமுறை வகுப்பது. TP-களின் கூட்டல் 38. FP-கள் 4 + 5 + 3 = 12. FN-கள் 2 + 5 + 5 = 12. மைக்ரோ பிரிசிஷன், மைக்ரோ ரீகால் இரண்டும் 38/50 = 0.76, அக்யூரசியும் அதுவே. இது தற்செயல் அல்ல. ஒவ்வொரு இலைக்கும் ஒரே ஒரு விடை என்றால், ஒவ்வொரு தவறும் ஒரு வகைக்கு FP, இன்னொரு வகைக்கு FN. எனவே இரண்டு கூட்டலும் சமமாகத்தான் இருக்கும். இது தெரிந்தால் மைக்ரோ கேள்விக்கு மூலைவிட்டத்தைக் கூட்டி மொத்தத்தால் வகுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மேக்ரோ F1 கேட்டால், ஒவ்வொரு வகையின் F1-ஐயும் தனித்தனியே எடுத்துச் சராசரி காணுங்கள்: 16/22, 10/20, 50/58. சராசரி 0.696. மேக்ரோ பிரிசிஷனையும் மேக்ரோ ரீகாலையும் சூத்திரத்தில் போட்டு எடுத்தால் 0.699 வருகிறது. scikit-learn முதல் முறையில்தான் கணக்கிடுகிறது. கேள்வியில் வேறு வரையறை கொடுக்காத வரை அதையே பின்பற்றுங்கள்.

## 10. பூஜ்ஜியம் வரும் இடமும் கடைசிச் சரிபார்ப்பும்

எல்லா இலைகளையும் "இல்லை" என்று சொல்லும் மாடலைக் கொடுத்துக் கேட்பது உண்டு. நம் முதல் அட்டவணையில் TP 0, FP 0. ரீகால் 0/5 = 0. பிரிசிஷன் 0/0, அதற்கு மதிப்பு வரையறுக்கப்படவில்லை. அக்யூரசியோ 7/12 = 0.583. scikit-learn இங்கே ஓர் எச்சரிக்கையோடு 0.0 என்று தருகிறது, அது கணிதத்தின் விடை அல்ல, நூலகத்தின் ஏற்பாடு. கேள்வி கணக்கைக் கேட்கிறதா, குறிநிரலின் வெளியீட்டைக் கேட்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் "உண்டு" என்று சொல்லும் மாடலுக்கு ரீகால் 1, பிரிசிஷன் 5/12: அதாவது அட்டவணையில் நோயின் பங்கு எவ்வளவோ அவ்வளவே.

F1 கிடைத்ததும் அது பிரிசிஷனுக்கும் ரீகாலுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறுவேறு என்றால், அது சாதாரணச் சராசரியைவிடக் குறைவாக, சிறிய எண்ணின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நம் கணக்கில் 0.667-க்கும் 0.80-க்கும் நடு 0.733, F1 0.727. F1 சரியாக 0.733 என்று வந்திருந்தால், கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறீர்கள்.